முதலில் குடிக்கச் சொன்னார்கள், அப்புறம் குடிக்காதே என்றார்கள்

கேள்வி: டாக்டர், நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் என்னிடம் ஒப்படைத்திருந்த நோயாளிக்கு வயது 44. அக்ரோமெகலிக்காக மூக்கு வழியாகப் பிட்யூட்டரி ஆபரேஷன் நடந்தது. மறுநாளே சிறுநீர் கட்டுக்கடங்காமல் போனது. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று ஊசி போட்டு, தாகத்துக்கு நன்றாகக் குடிக்கச் சொன்னார்கள். சரியாகி ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனவர், எட்டாம் நாள் தலைவலி, வாந்தி, குழப்பத்தோடு திரும்பி வந்தார். சோடியம் 122. இப்போது எஸ்.ஐ.ஏ.டி.எச்., தண்ணீரைக் குறையுங்கள் என்கிறார்கள். புத்தகத்தில் இரண்டும் நேர் எதிர் நோய்கள். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் எப்படி இரண்டும் வரும்? முதல் நாள் சொன்னது தவறா? பரீட்சையிலும் இவற்றின் அறிகுறிகளை நான் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறேன்.

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் நாள் யாரும் தவறு செய்யவில்லை. எட்டாம் நாள் சொன்னதும் சரிதான். இரண்டுக்கும் நடுவே ஒரு செய்தி அந்த மனிதரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், எதிரெதிரான இரண்டு கோளாறுகள் ஒரே காயத்திலிருந்து எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால் பரீட்சைக் குழப்பமும் பாதி தீர்ந்துவிடும்.

பிட்யூட்டரியை ஒரே சுரப்பி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரண்டு வேறு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டாணி. முன்பகுதி அசல் சுரப்பி. வளர்ச்சி ஹார்மோன் உட்பட அது வெளிவிடுவதையெல்லாம் தன் செல்களிலேயே தயாரித்துக்கொள்கிறது. பின்பகுதி எதையும் தயாரிப்பதில்லை. மேலே ஹைப்போதலாமஸில் இருக்கும் நரம்புச் செல்கள் ஏ.டி.எச். என்ற ஹார்மோனைத் தயாரிக்கின்றன. அந்தச் செல்களின் நீண்ட வால்கள் பிட்யூட்டரியின் காம்பு வழியாக இறங்கி வந்து பின்பகுதியில் முடிகின்றன. தயாரான சரக்கு அந்த வால்களுக்குள்ளேயே பயணம் செய்து, நுனியில் சேமிக்கப்பட்டுக் காத்திருக்கும். தொழிற்சாலை மேலே, கிடங்கு கீழே, நடுவில் ஒரு குறுகலான பாதை. உங்கள் நோயாளியின் கதை முழுவதும் இந்தப் பாதையில் நடந்ததுதான்.

அவருக்கு முதலில் வந்த கட்டி முன்பகுதியில் வந்தது. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மேல் சுரந்தால் கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு பொருளை அதிகமாக வெளிவிடும். எலும்பையும் தசையையும் தோலையும் வளரத் தூண்டும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. வளரும் வயதில் இது நடந்தால் நீள எலும்புகளின் வளர்தட்டுகள் இன்னும் திறந்திருப்பதால் ஆள் உயரமாகிவிடுவார். அது ஜைகாண்டிசம். தட்டுகள் மூடிய பிறகு நீளத்தில் வளர வழியில்லை. அதனால் அகலத்திலும் தடிப்பிலும் வளர்ச்சி போகும். மோதிரம் இறுகும், செருப்பின் அளவு கூடும், கீழ்த்தாடை முன்னே தள்ளும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், நாக்கு தடிக்கும், குரல் கனக்கும். 1886-ல் இதற்குப் பெயர் வைத்த பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி, கைகால் முனைகள் பெரிதாவது என்ற பொருளில்தான் வைத்தார். காரணம் பிட்யூட்டரி என்று அப்போது தெளிவாகவில்லை.

இந்த மாற்றம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல நடக்கிறது. தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கும் கூடவே இருக்கிற வீட்டாருக்கும் தெரியாது. பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். அக்ரோமெகலி சந்தேகம் வந்தால் நான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன்பே பழைய அடையாள அட்டையைக் கேட்பேன். நோயாளிகள் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வேண்டிய ஒரு விஷயத்தைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் மிகையாக இருந்தால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். முகமும் விரல்களும் உப்பியிருப்பதில் ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு இந்த நீர். ரத்த அழுத்தம் ஏறுவதிலும் இதற்குப் பங்குண்டு. கட்டியை எடுத்ததும் ஹார்மோன் அளவு சில மணி நேரத்தில் சரிகிறது. பிடித்துவைத்த நீர் வெளியேறத் தொடங்குகிறது. மறுநாளே மோதிரம் தளர்ந்துவிட்டது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. தாடை மட்டும் அப்படியே இருக்கும், எலும்பு கரையாது.

ஆகவே அக்ரோமெகலி ஆபரேஷனுக்கு மறுநாள் சிறுநீர் அதிகமாகப் போவதற்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தேங்கிய நீர் வடிகிறதாக இருக்கலாம். ஆபரேஷனின்போது ஏற்றிய சலைன் வெளியேறுவதாக இருக்கலாம். இந்த நோயில் சர்க்கரையும் கூடுவதுண்டு, அதோடு ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் சர்க்கரை சிறுநீரில் இறங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகலாம்.

பயிற்சிக் காலத்தில் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஓர் இரவுப் பணி. அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்கு மணிக்கு 300 மில்லி சிறுநீர் போகிறது என்று போன் வந்தது. அளவைக் கேட்டதும் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் ஊசி எழுதிவிட்டேன். சோடியம் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அது 139 ஆக இருந்தது, அதாவது சாதாரண அளவு. அவர் உடம்பு தேவையில்லாத நீரை ஒழுங்காக வெளியேற்றிக்கொண்டிருந்தது, நான் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். காலையில் சோடியம் 131. பெரிய சேதம் ஆகவில்லை, ஆனால் வார்டின் மூத்த சிஸ்டர், "டாக்டர், அளவை மட்டும் பார்த்தீங்க, நிறத்தையும் ரத்தத்தையும் பார்க்கலையே" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பாடம்.

சரி, அப்படியானால் நிஜமான டயாபடீஸ் இன்சிபிடஸை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஏ.டி.எச். செய்யும் வேலையிலிருந்தே இதற்குப் பதில் வருகிறது. சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களின் சுவரில் தண்ணீர் திரும்பிப் போவதற்கான நுண்ணிய வாசல்கள் உண்டு. ஏ.டி.எச். வந்து தொட்டால் அந்த வாசல்கள் சுவரில் பொருந்தும், தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் அடர்ந்து குறையும். ஏ.டி.எச். இல்லையென்றால் வாசல்கள் உள்ளே ஒதுங்கிவிடும், தண்ணீர் அப்படியே கீழே போகும். கவனியுங்கள், உப்பின் கணக்கைப் பார்ப்பது முக்கியமாக வேறு ஹார்மோன்கள். ஏ.டி.எச். பார்ப்பது தண்ணீர்க் கணக்கை. ரத்தத்தில் சோடியம் 150 என்றால் பெரும்பாலும் உப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். 120 என்றால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மாற்றி எழுதவே முடியாது.

அதனால் டயாபடீஸ் இன்சிபிடஸில் இரண்டு பக்கமும் சேர்ந்து காட்சி கொடுக்கும். பாத்திரத்தில் இருக்கும் சிறுநீர் தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும், ஸ்பெசிபிக் கிராவிட்டி 1.005-க்குக் கீழே, ஆஸ்மோலாலிட்டி 300-க்குக் கீழே. ரத்தமோ அடர்ந்துகொண்டே போகும், சோடியம் 145-ஐத் தாண்டும் அல்லது அந்தத் திசையில் ஏறிக்கொண்டிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மணிக்கு 250 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் போனால் சந்தேகப்படுகிறோம், ஆனால் முடிவு செய்வது இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான். தேங்கிய நீர் வடியும்போது சிறுநீர் வெளுத்திருந்தாலும் சோடியம் ஏறாது. சர்க்கரையால் போகும் சிறுநீர் அவ்வளவு நீர்த்துப்போகாது, சர்க்கரைச் சோதனையிலேயே காட்டிக்கொடுக்கும்.

தாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழிப்போடு இருந்து, தாக உணர்வு கெடாமல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் இருந்தால் பல டயாபடீஸ் இன்சிபிடஸ் நோயாளிகள் குடித்தே சோடியத்தைச் சரியாக வைத்துக்கொள்வார்கள். அதனால் சோடியம் 142 என்று வந்தால் நோய் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அவர் அந்த நாளில் எத்தனை லிட்டர் குடித்தார், குடித்ததால் சிறுநீர் போகிறதா, சிறுநீர் போவதால் குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரும் தண்ணீர் கேட்க முடியாதவரும்தான் சட்டென்று சோடியம் 155-க்குப் போவார்கள். மூளைச் செல்கள் நீர் இழந்து சுருங்கும்போது எரிச்சல், தூக்கக் கலக்கம், பிறகு வலிப்பு. குடிக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஏன் ஏ.டி.எச். நின்றது? ஆபரேஷனில் காம்பையோ பின்பகுதியையோ கொஞ்சம் இழுத்தாலும் தொட்டாலும் அந்த நரம்பு வால்கள் அதிர்ச்சியில் வேலையை நிறுத்திவிடும். சரக்கு கிடங்கில் இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞை கீழே வரவில்லை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குள் இது ஆரம்பிக்கும், சில நாள் நீடிக்கும். பெரும்பாலானோருக்கு வால்கள் மயக்கம் தெளிந்து எழுந்துவிடும், கதை அங்கேயே முடிந்துவிடும்.

சிலருக்கு முடிவதில்லை. காயம் பட்ட வால்களில் ஒரு பகுதி எழுந்திருக்காமல் அழியத் தொடங்குகிறது. அழியும் நுனி தன் கிடங்கைப் பூட்டிக்கொண்டு சாவதில்லை. சேமித்து வைத்திருந்த ஏ.டி.எச். முழுவதும், உடம்புக்குத் தேவையா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல், ரத்தத்தில் கசிகிறது. இது ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும். முதல் நாள் இல்லாமையால் வந்த அதே ஹார்மோன் இப்போது மிகையாகிவிட்டது. எஸ்.ஐ.ஏ.டி.எச். என்ற பெயரில் பொருத்தமில்லாத சுரப்பு என்று சொல்வது இதைத்தான். ரத்தம் நீர்த்துப் போயிருக்கிறது, அந்த நிலையில் ஏ.டி.எச். நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. முதல் கட்டமே தெரியாமல் நேராக இந்த இரண்டாம் கட்டத்தில் வந்து நிற்கிறவர்களும் உண்டு. அவர்களை வீட்டிலிருந்து ஏழெட்டு நாளில் ஆம்புலன்ஸில் பார்ப்போம்.

உங்கள் நோயாளிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எடையை நீங்கள் எழுதவில்லை, 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் தண்ணீர் சுமார் 48 லிட்டர், சோடியம் 140. முதல் நான்கு நாளில் நாளுக்கு 4 லிட்டர் குடித்துப் பழகிவிட்டார், "நல்லா குடிங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கும் அந்தப் பழக்கத்தோடு போகிறார். ஐந்தாம் நாள் கசிவு தொடங்குகிறது. சிறுநீர் 900 மில்லிக்கு இறங்குகிறது. வியர்வையிலும் மூச்சிலும் 800 மில்லி போகட்டும். 4 லிட்டர் உள்ளே, 1.7 லிட்டர் வெளியே, நாளுக்கு 2.3 லிட்டர் மிச்சம். மூன்று நாளில் 6.9 லிட்டர். 140-ஐ 48-ஆல் பெருக்கி, 54.9-ஆல் வகுத்தால் 122. அவர் திரும்பி வந்தபோது இருந்த எண்ணும் அதுதான். என் அனுமானத்தை நான் எண்ணுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டேன் என்பது உண்மை. ஆனாலும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாமலே மூன்று நாளில் இந்த இடத்துக்கு வந்துவிட முடியும் என்பதைக் காட்டத்தான் போட்டேன்.

நிஜத்தில் எடை ஏழு கிலோ ஏறியிருக்காது. நீர் மிஞ்சியதும் உடம்பு அதைக் கவனித்து, உப்பைச் சிறுநீரில் தள்ளி, கூடவே கொஞ்சம் நீரையும் வெளியேற்றப் பார்க்கும். எஸ்.ஐ.ஏ.டி.எச்.-இல் கால் வீங்காமல் இருப்பதும், ரத்தத்தில் சோடியம் குறைந்தும் சிறுநீரில் சோடியம் 30-க்கு மேல் இருப்பதும் இதனால்தான். பரீட்சையில் மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. உப்பு குறைந்த உடம்பு உப்பைப் பிடித்துவைக்கத்தானே வேண்டும் என்று யோசிப்பார்கள். இந்த உடம்புக்குப் பிரச்சனை உப்பு இல்லை, தண்ணீர் வழிகிறது, அதைச் சமாளிக்கிறது. சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டியும் 100-க்கு மேல் இருக்கும். ரத்தம் நீர்த்திருக்கும்போது சிறுநீர் முழுக்க நீர்த்திருக்க வேண்டும், அப்படி இல்லாமல் அடர்ந்திருப்பதே ஏ.டி.எச். நிற்கவில்லை என்பதற்கான சாட்சி.

தலைவலி, வாந்தி, குழப்பம் மூன்றும் மூளைச் செல்களுக்குள் தண்ணீர் போவதால் வருவன. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. சில நாளிலேயே சரிந்த சோடியம், பல மாதமாக மெதுவாக இறங்கிய சோடியத்தைவிட ஆபத்தானது, மூளைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைத்திருக்காது. டயாபடீஸ் இன்சிபிடஸிலும் குழப்பம் வரும், இதிலும் வரும், அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

எஸ்.ஐ.ஏ.டி.எச். என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கார்டிசோல் என்ன? ஆபரேஷன் நடந்த அதே முன்பகுதிதான் அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனையும் சுரக்கிறது. அது அடிபட்டுக் கார்டிசோல் குறைந்தாலும் ஏ.டி.எச். அடங்காமல் போகும், ரிப்போர்ட்டில் எண்களெல்லாம் எஸ்.ஐ.ஏ.டி.எச். மாதிரியே இருக்கும். ஆனால் அவருக்கு வேண்டியது ஹைட்ரோகார்டிசோன். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ரத்த அழுத்தம் விழும். பிட்யூட்டரியில் கத்தி பட்ட ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சிகிச்சையில் ஒரு பொறி இருக்கிறது. சோடியம் குறைவு என்றால் சாதாரண சலைன் ஏற்றலாமே என்று தோன்றும். ஒரு லிட்டர் சலைனில் கரைந்திருப்பது சுமார் 308 மில்லிஆஸ்மோல். நோயாளியின் சிறுநீர் 600-க்கு அடர்ந்திருக்கிறது என்றால், அந்த உப்பு முழுவதையும் சிறுநீரகம் அரை லிட்டர் சிறுநீரிலேயே வெளியேற்றிவிடும். மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கும். சலைன் ஏற்றிய பிறகு சோடியம் இன்னும் இறங்கியது என்று கேள்விப்பட்டால் ஆச்சரியப்படாதீர்கள், இதுதான் காரணம். அறிகுறி லேசாக இருந்தால் நாள் முழுதும் உள்ளே போகும் திரவத்தை 800 மில்லி முதல் ஒரு லிட்டருக்குள் நிறுத்துவோம். மாத்திரைக்குக் குடிப்பது, ஐ.வி. மருந்தில் கலந்து போவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

வாந்தியும் குழப்பமும் இருக்கிறவருக்குத் தண்ணீரைக் குறைத்துக் காத்திருக்க நேரமில்லை. அவருக்கு 3 சதவீத சலைன் 100 அல்லது 150 மில்லி, பத்து இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டு மறுபடி சோடியம் பார்ப்போம். 4 முதல் 6 புள்ளி ஏறினாலே மூளைக்கு மூச்சு கிடைத்துவிடும். அதற்கு மேல் அவசரம் கூடாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் ஏற விடுகிறோம். வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்பு உறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் கைகாலும் முடங்கலாம்.

இந்த வேகக் கட்டுப்பாட்டில் உங்கள் கண் ரொம்ப முக்கியம். கசிந்த ஏ.டி.எச். ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். அப்போது சிறுநீர் திடீரென வெளுத்து, மணிக்கு 100 மில்லியைத் தாண்டி ஓடத் தொடங்கும். நாம் எதுவும் கொடுக்காமலே சோடியம் கிடுகிடுவென ஏறும். லேபிலிருந்து எண் வருவதற்கு முன்பே பையில் நிறம் மாறியிருக்கும். அதைப் பார்த்ததும் போன் பண்ணுங்கள், அடுத்த ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்காதீர்கள்.

அந்த ஓட்டம் சாதாரண நிலைக்குத் திரும்புவதாகவும் இருக்கலாம், மூன்றாம் கட்டத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். கிடங்கு காலி, மேலிருந்து சரக்கு கொண்டுவர வால்களும் மிஞ்சவில்லை என்றால் டயாபடீஸ் இன்சிபிடஸ் நிரந்தரமாகத் திரும்பும். ஏ.டி.எச். செல்களில் மிகப் பெரும்பகுதி, எண்பது தொண்ணூறு சதவீதம் போனால்தான் இப்படி ஆகும், அதனால் மூன்று கட்டமும் முழுசாக வருவது அரிது.

முதல் நாள் போட்ட ஊசியைப் பற்றியும் இப்போது சொல்லிவிடலாம். டெஸ்மோபிரசின் என்பது ஆய்வுக்கூடத்தில் செய்த ஏ.டி.எச். மாதிரி. ஒரு மைக்ரோகிராம் ஊசியின் வேலை அரை நாளோ அதற்கு மேலோ நீடிக்கும். முதல் கட்டத்தில் அதை "தினமும் காலை, மாலை" என்று எழுதிவைப்பதை நான் விரும்புவதில்லை. ஒரு ஊசி, அதன் வேலை தீர்ந்து சிறுநீர் மறுபடி வெளுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் அடுத்தது. ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும். ஐந்தாம் நாள் கிடங்கு கசியத் தொடங்கும்போது மேலே மருந்தும் சேர்ந்தால் சோடியம் 122-இல் நின்றிருக்காது. அவருக்கு ஒரே ஊசியோடு நிறுத்தியிருந்தால் அந்த வார்டு நல்ல வேலை செய்திருக்கிறது.

பரீட்சைக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். கேள்வியில் மாற்றம் வருடக்கணக்கா, மணிக்கணக்கா என்று முதலில் பாருங்கள். வருடக்கணக்கு என்றால் முன்பகுதி, வளர்ச்சி ஹார்மோன். அக்ரோமெகலிக்கான சோதனையைக் கேட்டால், வளர்ச்சி ஹார்மோனை ஒரு வேளை மட்டும் அளப்பது பதில் இல்லை, அது நாள் முழுதும் அலையலையாகச் சுரக்கும். ஐ.ஜி.எஃப்.-1 நிலையாக இருப்பதால் அதை அளக்கிறோம். உறுதிசெய்ய 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுக்கிறோம். நலமானவருக்கு அப்போது வளர்ச்சி ஹார்மோன் அடங்கிவிடும், இவருக்கு அடங்காது.

மணிக்கணக்கு என்றால் தண்ணீர், அதாவது ஏ.டி.எச். உடனே ரத்தம், சிறுநீர் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ரத்தம் அடர்த்தி, சிறுநீர் நீர்த்தது என்றால் இல்லாமை. ரத்தம் நீர்த்தது, சிறுநீர் அடர்த்தி என்றால் மிகை. வேறு பட்டியல் மனப்பாடம் செய்ய வேண்டாம், தாகம், உலர்ந்த நாக்கு, வாந்தி எல்லாம் இந்த இரண்டிலிருந்து தானே வந்துவிடும். டயாபடீஸ் என்ற சொல்லைக் கண்டு சர்க்கரையை எழுதிவிடாதீர்கள். இந்தக் குழப்பத்தால் வார்டுகளிலேயே விபரீதங்கள் நடந்திருக்கின்றன, டெஸ்மோபிரசின் தவறவிடப்பட்டிருக்கிறது. அதனால் 2022-ல் இதற்கு ஆர்ஜினின் வாசோபிரெசின் குறைபாடு என்று புதுப் பெயர் முன்வைத்தார்கள். ஏ.டி.எச்.-இன் இன்னொரு பெயர்தான் வாசோபிரெசின். உங்கள் வினாத்தாளில் எந்தப் பெயர் வரும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன.

இனி, ஆரம்பத்தில் விட்டுவைத்தது. "நன்றாகக் குடியுங்கள்" என்ற முதல் நாள் சொல்லுக்கு முடிவுத் தேதி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது தாளில் இப்படி எழுதிக்கொடுக்கிறேன்: தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கவும், பழக்கத்துக்காகக் குடிக்க வேண்டாம். ஏழாம் நாள் சோடியம் பார்க்கவும், நலமாக இருந்தாலும் பார்க்கவும். தலைவலி, குமட்டல், சோர்வு வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்றாவதாக ஒன்றையும் எழுதுவேன்: இரவில் நாலைந்து தடவை எழுந்து, ஒவ்வொரு தடவையும் சிறுநீரும் தாகமும் சேர்ந்தே வந்தால் அன்றே போன் செய்யவும். உங்கள் நோயாளி இரண்டாவது முறை வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளை நீங்களே எழுதிக் கொடுங்கள். தினமும் குடிப்பதை அளந்து வைப்பவர் வீட்டில் யாரோ, அவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.